ஊதும் டெஸ்ட் நார்மல், டி.எல்.சி.ஓ. 38 சதவீதம்: அப்பாவின் மூச்சிரைப்புக்கு எதை நம்புவது?

கேள்வி: டாக்டர், என் அப்பாவுக்கு 63 வயது. லாரி ஓட்டியவர். முப்பது வருஷம் பீடி பிடித்தார், நாலு வருஷத்துக்கு முன்னால் விட்டுவிட்டார். இப்போது ஒரு மாடி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. விரலில் மாட்டும் கருவியில் உட்கார்ந்திருக்கும்போது 95 காட்டுகிறது, மாடி ஏறியதும் 86க்கு இறங்குகிறது. ஸ்பைரோமெட்ரியில் எஃப்.வி.சி. 2.72 லிட்டர் (84%), எஃப்.இ.வி.1 2.12 லிட்டர் (83%), இரண்டின் விகிதம் 78%. 'நார்மல்' என்று எழுதிவிட்டார்கள். பிறகு கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார வைத்து எடுத்த டெஸ்டில் டி.எல்.சி. 4.90 லிட்டர் (90%), ஆர்.வி. 2.15 லிட்டர். டி.எல்.சி.ஓ. மட்டும் 8.4, அதாவது 38%. வி.ஏ. 3.9 லிட்டர், கே.சி.ஓ. 52%. ஹீமோகுளோபின் 11.2. ஊதுகிற டெஸ்ட் நன்றாக இருக்கும்போது இது மட்டும் எப்படி 38 ஆகும்? மெஷின் கோளாறா? வேறு இடத்தில் திரும்ப எடுக்க வேண்டுமா?
— ஒரு வாசகி, தென்காசி

பதில்: இந்த 38ஐ மெஷின் கோளாறு என்று ஒதுக்கிவிடாதீர்கள். மாடி ஏறியதும் ஆக்சிஜன் 86க்கு இறங்குவதும் இந்த எண்ணும் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்கின்றன. அப்பாவின் உண்மை நிலையை அறியாமல் இருப்பது ஸ்பைரோமெட்ரிதான். அது தவறாக எடுக்கப்பட்டதால் அப்படி இல்லை. அதனால் பார்க்க முடிந்தது அவ்வளவுதான்.

ஸ்பைரோமீட்டர் வாய் வழியாக உள்ளே போய் வெளியே வரும் காற்றை மட்டும் அளக்கிறது. மூச்சை முழுக்க இழுத்து, பலமாக, முழுக்க ஊதும்போது வெளிவரும் மொத்தக் காற்று எஃப்.வி.சி. அதில் முதல் ஒரு நொடியில் வருவது எஃப்.இ.வி.1. மூச்சுக்குழாய்கள் சுருங்கியிருந்தால் முதல் நொடிக் காற்று குறையும், விகிதம் சரியும். ஆஸ்துமாவையும் சி.ஓ.பி.டி.யையும் கண்டுபிடிக்க இதைவிட எளிய வழி இல்லை. ஆனால் இரண்டு விஷயங்கள் அதன் கண்ணில் படுவதே இல்லை. முழுக்க ஊதிய பிறகும் நெஞ்சுக்குள் தங்கிவிடும் காற்று எவ்வளவு என்பது ஒன்று. உள்ளே போன காற்றிலிருந்து ரத்தத்துக்கு எவ்வளவு கடக்கிறது என்பது மற்றொன்று. முதல் கேள்விக்குக் கண்ணாடிப் பெட்டியும், இரண்டாவதற்கு டி.எல்.சி.ஓ.வும் பதில் சொல்கின்றன.

கண்ணாடிப் பெட்டியிலிருந்து தொடங்குகிறேன். முழுக்க ஊதிய பிறகு தங்கும் காற்றுதான் ஆர்.வி. அதோடு உள்ளே இழுக்கக்கூடிய காற்றைச் சேர்த்தால் வருவது டி.எல்.சி., அதாவது நுரையீரலின் மொத்தக் கொள்ளளவு. வெளியே வராத காற்றை ஊதச் சொல்லி அளக்க முடியாது, அதனால் சுற்றுவழியில் போகிறார்கள். காற்றுப் புகாத பெட்டிக்குள் உட்கார வைத்து, கதவை மூடி, உள்ளே சூடு நிலைப்பட ஒரு நிமிடம் விடுவார்கள். சாதாரணமாக மூச்சு விட்டு, அந்த மூச்சு முடியும் இடத்தில் வாய்க்குழாயில் உள்ள சிறு அடைப்பு இரண்டு மூன்று நொடி மூடும். மூடியிருக்கும்போதே, நொடிக்கு ஒன்றுக்கு மேல் போகாத வேகத்தில், மெல்ல மூச்சுவிட முயல வேண்டும். காற்று எங்கும் போக முடியாததால் நெஞ்சுக்குள் இருப்பது கொஞ்சம் அமுங்கும், கொஞ்சம் விரியும். வாயில் அழுத்தம் எவ்வளவு மாறுகிறது, பெட்டிக்குள் அழுத்தம் எவ்வளவு மாறுகிறது என்ற இரண்டையும் வைத்து, பள்ளியில் படித்த பாயில் விதிப்படி உள்ளே எவ்வளவு காற்று இருக்கிறது என்று கணக்கிடுகிறார்கள். இப்படி மூன்று தடவை எடுத்து, மூன்றும் 5 சதவீதத்துக்குள் ஒத்துப்போனால்தான் ஏற்பார்கள். இரண்டு கன்னங்களையும் உள்ளங்கையால் அழுத்திப் பிடிக்கச் சொல்வதும் இதற்காகத்தான். கன்னம் உப்பினால் வாயில் பதிவாகும் அழுத்தம் உள்ளே இருப்பதைக் காட்டாது. அப்பா கன்னத்தைப் பிடித்திருந்தாரா, உதட்டோரம் காற்று கசிந்ததா என்று அவரிடமே கேளுங்கள். அவருக்கு நினைவிருக்கும்.

வந்த எண் 4.90 லிட்டர், 90 சதவீதம். பார்த்தால் நல்ல எண்தான். ஆனால் இந்தச் சதவீதத்தின் பின்னால் இருப்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். 90 என்பது, இதே உயரம், வயது, பாலினம் உள்ள ஆரோக்கியமானவர்களிடம் எதிர்பார்க்கும் அளவில் 90 பங்கு. அந்த எதிர்பார்ப்பு எந்த மக்களை அளந்து வந்தது என்பதைப் பொறுத்தே சதவீதம் மாறும். 2021இல் வெளியான உலகளாவிய கொள்ளளவுச் சமன்பாடுகள் ஐரோப்பிய வம்சாவளியினரை வைத்து எழுதப்பட்டவை. 2017இல் வந்த டி.எல்.சி.ஓ. சமன்பாடுகளும் அப்படியே. நம் ஊர்க்காரர்களின் நுரையீரல் அளவு சராசரியாக அவர்களைவிடக் குறைவு. அதனால் அதே 4.90 லிட்டர் ஒரு சமன்பாட்டில் 90 என்றும் இன்னொன்றில் 80 என்றும் வரலாம். ரிப்போர்ட்டின் மேற்பகுதியிலோ அடியிலோ சமன்பாட்டின் பெயர் இருக்கும். அடுத்த முறை டெஸ்ட் எடுக்கும்போது அதே பெயர்தான் இருக்கிறதா என்று பாருங்கள். பெயர் மாறியிருந்தால் சதவீதங்களை ஒப்பிடாதீர்கள். லிட்டரை லிட்டரோடு ஒப்பிடுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 84 சதவீத எஃப்.வி.சி. என்பது ஊரார் சராசரியோடு செய்த ஒப்பீடு. உங்கள் அப்பாவின் நாற்பது வயதோடு ஒப்பிட நம்மிடம் எதுவும் இல்லை. அன்று 105இல் இருந்தவர் இன்று 84இல் இருந்தாலும், ரிப்போர்ட் நார்மல் என்றுதான் சொல்லும்.

இனி டி.எல்.சி.ஓ. உங்கள் சந்தேகம் முழுக்க இதன் மேல் என்பதால் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

காற்றறைகளின் சுவரும் அதை ஒட்டிய ரத்த நுண்குழாயின் சுவரும் சேர்ந்து ஒரு மைக்ரோமீட்டர்கூடத் தடிமன் இருக்காது. ஆக்சிஜன் அந்தச் சுவரைத் தாண்டி ஹீமோகுளோபினில் ஏறுகிறது. அது எவ்வளவு எளிதாக ஏறுகிறது என்று அளக்க ஆக்சிஜனையே பயன்படுத்துவது கடினம். ஏற்கெனவே ரத்தத்தில் ஆக்சிஜன் இருப்பதால் கணக்கு சிக்கலாகிவிடும். கார்பன் மோனாக்சைடு ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு ஒட்டும். சுவரைத் தாண்டிய உடனே ஹீமோகுளோபின் அதைப் பிடித்துக்கொள்வதால், பின்னழுத்தம் ஏறக்குறைய இல்லை. எனவே எவ்வளவு மறைந்தது என்று பார்த்தாலே எவ்வளவு கடந்தது என்று தெரிந்துவிடும். டென்மார்க்கின் மேரி க்ரோக் 1915இல் இந்த முறையை விவரித்தார். இன்று செய்வதும் அடிப்படையில் அதுவேதான்.

செய்முறை இது. முதலில் மூச்சை முழுக்க வெளியே விட வேண்டும். பிறகு சோதனை வாயுவை ஒரே இழுப்பாக, வேகமாக, நெஞ்சு நிறைய இழுக்க வேண்டும். அந்த வாயுவில் சுமார் 0.3 சதவீதம் கார்பன் மோனாக்சைடும், ரத்தத்தில் ஏறக்குறைய கரையாத மீத்தேன் அல்லது ஹீலியமும், ஆக்சிஜனும், நைட்ரஜனும் இருக்கும். இழுத்ததை 10 நொடி அடக்கி, பிறகு தயங்காமல் வெளியே விட வேண்டும். முதலில் வரும் முக்கால் முதல் ஒரு லிட்டர் வரையிலான காற்று தொண்டை, குழாய்களில் இருந்தது என்பதால் அதை விட்டுவிட்டு, அடுத்து வரும் காற்றறைக் காற்றை ஆராய்வார்கள். கார்பன் மோனாக்சைடு எவ்வளவு குறைந்திருக்கிறது என்பது எவ்வளவு கடந்தது என்பதைச் சொல்லும். மீத்தேன் எவ்வளவு நீர்த்திருக்கிறது என்பது, அந்த வாயு எத்தனை லிட்டர் காற்றில் பரவியது என்பதைச் சொல்லும். அந்த லிட்டர்தான் உங்கள் ரிப்போர்ட்டில் இருக்கும் வி.ஏ.

இதில் தவறு நேரக்கூடிய இடங்கள் உண்டு. ரிப்போர்ட்டை எடுத்து வைத்துக்கொண்டு நான்கு இடங்களைப் பாருங்கள்.

முதலில், சோதனை வாயுவை எவ்வளவு இழுத்தார் என்பது. ஐ.வி.சி. என்று ஒரு வரி இருக்கும். அவருடைய மிகச் சிறந்த மூச்சளவில் 90 சதவீதமாவது அது இருக்க வேண்டும். கொள்ளளவுக் கணக்கின்படி அப்பா அதிகபட்சம் 2.75 லிட்டர் இழுக்கக்கூடியவர், எனவே 2.48 லிட்டருக்குக் குறையாமல் இருந்தால் சரி. 2 லிட்டர்தான் இழுத்திருந்தால் நுரையீரல் முழுக்க விரியாது, விரியாத பரப்பு வேலை செய்யாது, எண் பொய்யாகக் குறையும். அடுத்து, அடக்கிய நேரம் 8 முதல் 12 நொடிக்குள் இருக்க வேண்டும். மூன்றாவது, ஏற்கத்தக்க முயற்சிகள் குறைந்தது இரண்டு இருந்தனவா, அவற்றுக்கிடையே 2 அலகுக்குள் வித்தியாசம் இருந்ததா. 8.2, 8.6 என்று இரண்டு இருந்து சராசரி 8.4 என்றால் நம்பலாம். ஒரே ஒரு முயற்சியில் வந்த 8.4 என்றால் அந்தச் சந்தேகம் நியாயம். இரண்டு முயற்சிகளுக்கு நடுவே குறைந்தது 4 நிமிட இடைவெளி விட வேண்டும். இல்லாவிட்டால் முந்தைய வாயு நுரையீரலில் மிச்சமிருந்து கணக்கைக் குழப்பும். கடைசியாக, மூச்சை அடக்கும்போது அவர் தொண்டையை இறுக்கி, மலம் கழிக்க முக்குவதுபோல் அழுத்தினாரா என்பது. அப்படி முக்கினால் நெஞ்சுக்குள் அழுத்தம் ஏறி, நுண்குழாய்களிலிருந்து ரத்தம் வெளியேறும், எண் குறையும். இது ரிப்போர்ட்டில் இருக்காது. அப்பாவிடம்தான் கேட்க வேண்டும். தளர்வாக, அழுத்தாமல் அடக்குவதுதான் சரியான முறை.

டெஸ்ட் அன்று பீடி பிடித்தாரா என்பதையும் கேளுங்கள். விட்டுவிட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள், ஆனால் பழக்கம் எப்போதாவது திரும்புவது உண்டு. கோபித்துக்கொண்டால் உண்மை வராது. புகையிலும் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. ரத்தத்தில் அது 1 சதவீதம் ஏறினால் டி.எல்.சி.ஓ. சுமார் 1 சதவீதம் குறையும். புகைப்பவர் ரத்தத்தில் 6 சதவீதம் இருந்தது என்று வைத்தாலும் 8.4 ஏறக்குறைய 8.9 ஆகும், அவ்வளவுதான். 38ஐ இதனால் விளக்க முடியாது.

ஹீமோகுளோபின் கணக்கு இதைவிட முக்கியம், நம் ஊரில் அது அடிக்கடி விட்டுப்போகிறது. கார்பன் மோனாக்சைடைப் பிடிக்கும் கை ஹீமோகுளோபின்தான். கை குறைந்தால் பிடிப்பதும் குறையும், நுரையீரல் நன்றாகவே இருந்தாலும் எண் விழும். திருத்தும் வழி எளிது. ஆண்களுக்கு 10.22உடன் ஹீமோகுளோபினைக் கூட்ட வேண்டும். கிடைத்ததை, ஹீமோகுளோபினை 1.7ஆல் பெருக்கி வரும் எண்ணால் வகுக்க வேண்டும். பெண்களுக்கும் 15 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் 10.22க்குப் பதில் 9.38. அப்பாவுக்குப் போட்டுப் பார்க்கலாம். 10.22 கூட்டல் 11.2 என்றால் 21.42. 11.2ஐ 1.7ஆல் பெருக்கினால் 19.04. வகுத்தால் 1.125. 8.4ஐ அதனால் பெருக்கினால் 9.45. அவருக்கு எதிர்பார்க்கும் அளவு சுமார் 22.1, ஆகவே திருத்திய சதவீதம் 43. ரிப்போர்ட் அச்சிட்ட 38 திருத்திய எண்ணா, திருத்தாததா என்று கேளுங்கள். 8.4ஐ 22.1ஆல் வகுத்தால் 38 வருவதால், திருத்தப்படவில்லை என்றே தெரிகிறது.

இதனால் என்ன மாறுகிறது என்றால், 40க்குக் கீழே கடுமையான குறைவு, 40 முதல் 60 வரை மிதமான குறைவு என்ற 2005ஆம் ஆண்டு வகைப்பாட்டில் அப்பா ஒரு படி மேலே ஏறுகிறார். நோய் இல்லை என்று ஆகிவிடவில்லை. ரத்தசோகை சரியானாலும் பாதிக்கும் மேற்பட்ட குறை அப்படியே நிற்கும். அதே சமயம் 63 வயது ஆணுக்கு 11.2 என்பது இயல்பும் இல்லை. அது ஏன் என்று தனியாகத் தேட வேண்டும். வயிற்றிலோ குடலிலோ ரத்தம் கசிகிறதா என்பது உட்பட. இதை நுரையீரல் நோயோடு கலந்து மறந்துவிடாதீர்கள்.

ரிப்போர்ட்டில் நீங்கள் அனுப்பியவற்றில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது வி.ஏ. பெட்டி சொல்லும் மொத்தக் கொள்ளளவு 4.90 லிட்டர். பத்து நொடியில் மீத்தேன் பரவ முடிந்தது 3.9 லிட்டர்தான். அதாவது 80 சதவீதம். இரண்டும் முழுவதும் ஒன்றாக இருக்காது, ஆனால் ஆரோக்கியமான நுரையீரலில் வி.ஏ. 85 சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டும். உள்ளே காற்று இருக்கிறது, ஆனால் அதில் ஒரு பகுதிக்குப் புதிய காற்று போய்ச் சேரவில்லை. எம்பஸீமாவில் இப்படி ஆகும். காற்றறைச் சுவர்கள் உடைந்து பெரிய பைகளாகி, அங்கே காற்று மந்தமாகத் தங்கிவிடும். பெட்டி அந்தக் காற்றையும் எண்ணும், வாயு அதைத் தொடாது. இதே காரணத்தால், பெட்டி இல்லாமல் ஹீலியம் கலந்து கொள்ளளவு அளக்கும் இடங்களில் எம்பஸீமாக்காரர்களுக்கு டி.எல்.சி. குறைவாக வந்துவிடும். அப்பாவுக்குப் பெட்டியில் எடுத்தது நல்லதாகப் போயிற்று.

கே.சி.ஓ. 52 சதவீதம் என்பதையும் சரியாகப் படிக்க வேண்டும். டி.எல்.சி.ஓ.வை வி.ஏ.வால் வகுத்தால் கிடைப்பது அது. 8.4ஐ 3.9ஆல் வகுத்தால் 2.15. சிலர் இதை 'கொள்ளளவுக்குத் திருத்திய டி.எல்.சி.ஓ.' என்று புரிந்துகொண்டு, கே.சி.ஓ. நார்மல் என்றால் கடத்தும் சக்தி நார்மல் என்று முடித்துவிடுகிறார்கள். அது தவறு. நல்ல நுரையீரலைப் பாதிதான் விரித்தால், ஒவ்வொரு லிட்டர் காற்றைச் சுற்றியும் ரத்தம் அதிகமாக இருக்கும், எனவே கே.சி.ஓ. 100க்கு மேலே ஏற வேண்டும். சுருங்கிய நுரையீரலில் 95 என்றுகூட வந்தால் அது குறைவாக இருக்கலாம். உங்கள் அப்பாவுக்கு இந்தக் குழப்பமே இல்லை. காற்று போய்ச் சேர்ந்த இடங்களிலும் கடத்தல் பாதிதான். ஆகவே சுவரிலோ ரத்தக் குழாயிலோ நிஜமான சேதம் இருக்கிறது.

அப்படியானால் ஊதும் டெஸ்ட் எப்படி நார்மலாக வந்தது? ஸ்பைரோமெட்ரி நார்மலாக இருந்து டி.எல்.சி.ஓ. மட்டும் விழுந்தால் நாங்கள் யோசிப்பது சில நோய்களைத்தான். நுரையீரல் ரத்தக் குழாய்களில் உயர் அழுத்தம், பழைய ரத்தக் கட்டிகள், தொடக்க நிலை நுரையீரல் ஃபைப்ரோசிஸ், தொடக்க நிலை எம்பஸீமா. ஆனால் முப்பது வருடப் பீடி, 80 சதவீத வி.ஏ., இயல்பான டி.எல்.சி., இத்தனை பெரிய வீழ்ச்சி எல்லாவற்றையும் ஒன்றாக வைத்தால் எனக்கு முதலில் தோன்றுவது ஃபைப்ரோசிஸும் எம்பஸீமாவும் ஒரே நுரையீரலில் சேர்ந்திருப்பது. 2005இல் பிரான்ஸில் வின்சென்ட் கோட்டனும் அவரோடு இருந்தவர்களும் இப்படிப்பட்ட 61 பேரை விவரித்தபோதுதான் இந்தச் சேர்க்கைக்குத் தனிப் பெயர் கிடைத்தது.

எம்பஸீமா நுரையீரலின் விறைப்பைக் குறைக்கும். உடைந்த சுவர்கள் மூச்சுக்குழாய்களை இழுத்துப் பிடிக்காததால், ஊதும்போது அவை மடங்கும். காற்று தங்கும், கொள்ளளவு பெருகும், விகிதம் விழும். ஃபைப்ரோசிஸ் நேர் எதிர். நார் தடித்துச் சுருங்கி, நுரையீரலைச் சின்னதாக்கும். மூச்சுக்குழாய்களைச் சுற்றி இழுத்துப் பிடித்து அவற்றைத் திறந்தே வைத்திருக்கும், விகிதம் ஏறும். ஒன்று பெருக்க, ஒன்று சுருக்க, கொள்ளளவு நடுவில் நிற்கிறது. ஒன்று விகிதத்தைக் கீழே தள்ள, ஒன்று மேலே தள்ள, 78இல் நிற்கிறது. ஊதும் டெஸ்டில் இரண்டு நோயும் ஒன்றையொன்று கழித்துவிடுகின்றன. ஆனால் காற்றறைச் சுவரையும் நுண்குழாய்களையும் இரண்டும் அழிக்கின்றன. அதில் கழித்தல் இல்லை, கூட்டல்தான். அந்தக் கூட்டல்தான் 43.

மாடி ஏறும்போது 86 ஆவதும் இதே காரணத்தால்தான். உட்கார்ந்திருக்கும்போது ஒரு ரத்தச் சிவப்பணு நுரையீரல் நுண்குழாயைக் கடக்க முக்கால் நொடி எடுத்துக்கொள்ளும். நல்ல சுவரில் ஆக்சிஜன் ஏறக் கால் நொடி போதும், மிச்ச அரை நொடி கையிருப்பு. அப்பாவின் சுவரில் அந்தக் கையிருப்பும் செலவாகித்தான் 95 வருகிறது. மாடி ஏறும்போது ரத்தம் வேகமாகப் பாய்ந்து, கடக்கும் நேரம் கால் நொடியை நெருங்குகிறது. ஆக்சிஜன் ஏறி முடிப்பதற்குள் சிவப்பணு நுண்குழாயை விட்டு வெளியேறிவிடுகிறது. அவர் 'உட்கார்ந்தால் ஒன்றுமில்லை' என்று சொன்னால் அதை நம்புங்கள், ஆனால் அதை வைத்து நிம்மதி அடையாதீர்கள்.

மேலே சொன்ன நான்கு இடங்களும் சரியாக இருந்தால் வேறு ஊரில் திரும்ப எடுப்பதில் பணம் செலவழிக்காதீர்கள். ஒரு லேபுக்கும் இன்னொரு லேபுக்கும் டி.எல்.சி.ஓ. சாதாரணமாகவே மாறும், குழப்பம்தான் மிஞ்சும். ஏதாவது ஒன்று சரியில்லை என்றால் அதே இடத்தில் திரும்ப எடுக்கச் சொல்லுங்கள். அந்தப் பணம் போக வேண்டிய இடம் நெஞ்சு சி.டி. சாதாரண சி.டி. போதாது, ஒன்று ஒன்றரை மில்லிமீட்டர் மெல்லிய துண்டுகளாக எடுக்கும் ஹெச்.ஆர்.சி.டி. மூச்சை முழுக்க இழுத்து அடக்கிய நிலையில் எடுக்க வேண்டும். நுரையீரலின் பின் அடிப்பகுதியில் சந்தேகமான நிழல் இருந்தால் குப்புறப் படுக்க வைத்தும் எடுப்பார்கள், ஏனெனில் மல்லாந்து படுக்கும்போது அங்கே ரத்தம் தங்கி ஃபைப்ரோசிஸ் மாதிரியே தெரியும். நான் நினைப்பது சரி என்றால் மேல்பகுதியில் கரும்பைகளும், அடிப்பகுதியில் வலைபோன்ற கோடுகளும் தெரியும். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது, முதுகின் அடிப்பகுதியில் வெல்க்ரோ பட்டையைப் பிரிப்பதுபோன்ற சத்தம் கேட்கிறதா, விரல் நுனிகள் உருண்டிருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

அதோடு எக்கோ அவசியம். இந்தச் சேர்க்கையில் நுரையீரல் ரத்த அழுத்தம் உயர்வது அடிக்கடி நடக்கிறது, டி.எல்.சி.ஓ. எம்பஸீமாவோ ஃபைப்ரோசிஸோ மட்டும் விளக்குவதைவிட அதிகமாக விழுந்திருந்தால் அதைத்தான் முதலில் தேடுவோம். எக்கோவில் வலது இதயத்தில் சுமை தெரிந்தும் சி.டி.யில் நோய் கொஞ்சமாகவே இருந்தால், பழைய ரத்தக் கட்டி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆறு நிமிட நடைச் சோதனையில் ஆக்சிஜன் எவ்வளவு இறங்குகிறது என்று பதிவு செய்யுங்கள். நடக்கும்போது மட்டும் ஆக்சிஜன் தேவையா என்று அதை வைத்துத்தான் முடிவெடுப்பார்கள். மூட்டுவலி, தோல் இறுக்கம், குளிரில் விரல் வெளுத்துப்போவது ஏதும் இருந்தால் சொல்லுங்கள், உடலின் எதிர்ப்பு சக்தி உடலையே தாக்குகிறதா என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனைகள் வேண்டியிருக்கும். இந்தச் சேர்க்கையில் நுரையீரல் புற்றுநோய் வாய்ப்பும் கூடுதல் என்பதால், சி.டி.யில் ஒரு சிறு முடிச்சு தெரிந்தாலும் அதை எத்தனை மாதத்தில் திரும்பப் பார்ப்பது என்று அப்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

சிகிச்சையைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். மூச்சுக்குழாயில் அடைப்பு தெரியாததால் இன்ஹேலரிலிருந்து பெரிய பலனை எதிர்பார்க்க முடியாது. ஏற்கெனவே போட்டுக்கொண்டிருந்தால் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தவும் வேண்டாம். ஃபைப்ரோசிஸின் வேகத்தைக் குறைக்கும் பிர்ஃபெனிடோன், நின்டெடானிப் போன்ற மருந்துகள் யாருக்கு, எப்போது என்பதை சி.டி.யும் தொடர் அளவுகளும் சேர்ந்துதான் சொல்லும்.

தொடர் அளவு என்றதும் ஓர் எச்சரிக்கை. சாதாரண ஃபைப்ரோசிஸில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்பைரோமெட்ரி எடுத்து, எஃப்.வி.சி. விழுகிறதா என்று பார்ப்பது வழக்கம். அப்பாவுக்கு இரண்டு நோயும் இருந்தால் அந்த வழக்கம் ஏமாற்றிவிடும், எஃப்.வி.சி. அசையாமல் நிற்க, நோய் முன்னேறிக்கொண்டிருக்கலாம். 2022ஆம் ஆண்டு வழிகாட்டுதல், முன்னேறும் ஃபைப்ரோசிஸுக்கான அடையாளங்களில் ஒன்றாக, ஹீமோகுளோபினுக்குத் திருத்திய டி.எல்.சி.ஓ. ஓராண்டுக்குள் 10 புள்ளிகள் அல்லது அதற்கு மேல் விழுவதைச் சொல்கிறது. அப்பாவின் கணக்கில் 43இலிருந்து 33. திருத்தாத 38ஐ இன்று வைத்துக்கொண்டு, ஓராண்டு கழித்து ரத்தசோகை சரியான பிறகு வரும் 38ஐப் பார்த்து 'மாறவில்லை' என்று சொன்னால், இடையில் 5 புள்ளி போனது யாருக்கும் தெரியாது. ஆகவே ஒவ்வொரு முறையும் டெஸ்ட் எடுக்கும் அதே வாரத்தில் ஹீமோகுளோபினும் பார்த்து, அந்த எண்ணை டெக்னீஷியனிடம் கொடுத்து கணக்கில் சேர்க்கச் சொல்லுங்கள். இப்போது கையில் இருக்கும் ரிப்போர்ட்டிலும், 8.4க்குப் பக்கத்தில் பேனாவால் 'ஹீமோகுளோபின் 11.2, திருத்தியது 9.45, 43%' என்று எழுதி, ஹெச்.ஆர்.சி.டி.க்குப் போகும்போது எடுத்துச் செல்லுங்கள்.